சர்டிபிகேட்டில் வராத 0.018 ஓம்

கேள்வி: எங்கள் கேலிபரேஷன் லேபில் மூத்த டெக்னீஷியன் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். மற்ற கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மாஸ்டர் கருவிகளின் சர்டிபிகேட்டுகள் எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. அவரிடம் தனியாக என்ன எழுதி வாங்குவது?

சேலத்தில் ஒரு தொழிற்சாலை லேபில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் குறிப்பில் அதிகப் பக்கம் பிடித்தது, பிளாட்டினக் கம்பியின் மின்தடையை வைத்து வெப்பநிலை காட்டும் ஒரு பிடி-100 தெர்மாமீட்டர்தான். அதைச் சொன்னால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்த மாஸ்டரின் ஐஸ் பாயிண்ட் தடை, அதாவது உருகும் ஐஸில் பூஜ்ய டிகிரியில் அது காட்டும் மின்தடை, பல வருடங்களாக 99.998, 99.999 ஓம் என்றே இருந்தது. ஒருநாள் உதவிக்கு வந்த தம்பி கைதவறி அதை மேசை விளிம்பில் தட்டிவிட்டான். வெளியே கீறல்கூட இல்லை. அன்று மாலையே ஐஸில் வைத்தேன். 100.017 காட்டியது. 0.018 ஓம் என்றால் ஏறக்குறைய 0.05 டிகிரி. அடி வாங்கிய பிளாட்டினக் கம்பியில் இறுக்கம் ஏறி, தடை கூடிவிட்டது. பழைய மதிப்பையே கணக்கில் வைத்திருந்தால் மாஸ்டர் அவ்வளவு அதிகமாகக் காட்டும், கேலிபரேஷனுக்கு வரும் நல்ல தெர்மாமீட்டர் எல்லாம் குறைத்துக் காட்டுவதாகத் தோன்றும்.

நான்கு மாதம் கழித்து வந்த சர்டிபிகேட்டில் புதிய மதிப்பு மட்டுமே இருந்தது. எந்த நாளில் மாறியது, எந்த வேலைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் என் நோட்டில்தான் இருந்தது. அதனால் தேதி போட்ட ஐஸ் பாயிண்ட் அளவுகளையும், பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் கேட்டு வாங்குங்கள். திடீரென்று மேலே குதித்தால் பெரும்பாலும் அடி. கீழே இறங்கினால் உள்ளே ஈரம் புகுந்து இன்சுலேஷன் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் ஐஸ் வைக்கும் முறையையும் எழுதச் சொல்லுங்கள். கடை ஐஸ் வேண்டாம், உப்புத் தண்ணீரில் செய்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். டிஸ்டில்டு வாட்டர் ஐஸைப் பொடித்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் அதே தண்ணீர் விட்டு இறுக்கமாக அடைக்க வேண்டும். ஐஸ் மேலே மிதந்தால் அடியில் தங்கும் தண்ணீர் 4 டிகிரி வரை இருக்கும். புரோபின் நுனி அங்கேதான் போய் நிற்கும். நானே ஒருமுறை இதில் ஏமாந்து, மாஸ்டர் கெட்டுவிட்டது என்று கூவியிருக்கிறேன்.

எடைக்கற்களுக்கு ஒரே கேள்வி போதும்: எப்போதாவது அட்ஜஸ்ட் செய்தார்களா? செய்திருந்தால், அதற்கு முன் எவ்வளவு இருந்தது? ஒருமுறை வெளியே அனுப்பிய எங்கள் 1 கிலோ கல்லைச் சரிசெய்து, சரிசெய்த மதிப்பை மட்டும் எழுதி அனுப்பினார்கள். அதோடு பழைய வரலாறு அறுந்தது, கிராஃபைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

நீளத்துக்கு மாஸ்டரான ஸ்லிப் கேஜ் எஃகுக் கட்டைகளில் எது மற்றதோடு சரியாக ஒட்டாது, எதன் மூலையில் பிசிர் இருக்கிறது என்பதை அவர் கை அறியும். பெட்டியைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்றும் கேளுங்கள். 100 மி.மீ. எஃகுக் கட்டை ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானுக்கு மேல் நீளும், சேலத்து மே மாதத்தில் ஏசி நின்றால் லேப் 20 டிகிரிக்குத் திரும்ப எங்களுக்கு அரை நாள் ஆகும்.