வலிக்காத கட்டியும் அப்பா சொன்ன நீரும்

கேள்வி: வயது 27, கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக். இரண்டு மாதமாக வலது விதை கனமாக இருக்கிறது. ஒரு பக்கம் பட்டாணி போலக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. வலி துளியும் இல்லை. “எனக்கும் நீர் இறங்கித்தான் இருந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார் அப்பா. ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?

பதில்: எடுங்கள், இந்த வாரத்துக்குள்ளேயே. வலி இல்லை என்பதுதான் என்னை அவசரப்பட வைக்கிறது. திடீரென வந்து சில மணி நேரத்தில் தாங்க முடியாமல் போகும் வலி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது அன்றைக்கே அறுவை அரங்குக்குப் போக வேண்டிய கதை. விதைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. சத்தமில்லாமல் வளரும், அதிலும் 15 முதல் 35 வயதுக்காரர்களிடம்தான் அதிகம்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் யானைக்கால் கிருமியைக் கொசு பரப்பிய காலத்தில் விரைவீக்கம் தெருவுக்குத் தெரு இருந்தது. கொசுவால் வரும் நோய்களை ஆராய்வதற்கென்றே புதுச்சேரியில் 1975-இல் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதனால் வீக்கம் என்றாலே இங்கே ‘நீர்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த நீர் சேர்வது விதையைச் சுற்றியுள்ள உறைக்குள். புற்றுக்கட்டி விதைக்குள்ளேயே முளைப்பது. விரலுக்கு இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும். வெந்நீரில் குளித்து முடித்ததும் தோல் தளர்ந்திருக்கும். அப்போது ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்டிப் பாருங்கள். தோலுரித்த அவித்த முட்டை மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். பின்பக்கம் மேலிருந்து கீழாக மெத்தென்று ஒரு குழாய் தட்டுப்படும். அதைக் கட்டி என்று நினைத்துப் பயந்து ஓடிவருபவர்கள் நிறைய. அது எல்லோருக்கும் உண்டு. ஒன்று சற்றுப் பெரியதாகவோ கீழே தொங்கியோ இருப்பதும் இயல்பே. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் தடவிப் பார்ப்பவருக்குக் கவலைதான் மிஞ்சும். விதையிலிருந்து பிரிக்க முடியாமல், அதன் பகுதியாகவே கெட்டியாக ஏதாவது இருந்தால் கிளம்பிவிட வேண்டும்.

இருட்டில் டார்ச் அடித்து, வெளிச்சம் ஊடுருவினால் வெறும் நீர்தான் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். விதைப் புற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குச் சுற்றிலும் நீரும் சேர்ந்திருக்கும். வெளிச்சம் முன்னால் இருக்கும் நீரைத்தான் காட்டும், பின்னால் ஒளிந்திருப்பதைக் காட்டாது.

பாகூர் பக்கத்திலிருந்து வந்த முப்பது வயதுக்காரர் ஒருவர் அப்படித்தான் ஏமாந்தார். முதலில் தொற்று என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் குறையவில்லை. அப்புறம் நீர் என்றார்கள். ஐந்தாவது மாதம் முதுகுவலியோடு என்னிடம் வந்தார். கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகின்றன. நிணநீர்ப் பாதை மட்டும் பழைய இடத்துக்கே போகிறது. அதனால் புற்று பரவுவதும் முதலில் அங்கேதான். சி.டி. ஸ்கேனில் அந்த இடத்து நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. அறுவையோடு மூன்று சுற்று கீமோவும் தேவைப்பட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். விதைக்குள் மட்டும் இருந்தபோதே வந்திருந்தால் அறுவையோடு முடிந்திருக்கவும் கூடும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் அநேகமாக எல்லோருமே குணமாகிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது விதைப்பைக்கான டாப்ளர் அல்ட்ராசவுண்ட். ஜெல் தடவி, கருவியை மேலே வைத்து நகர்த்துவார்கள். ஊசி கிடையாது, வலிக்காது, கால் மணி நேர வேலை. கட்டி விதைக்கு உள்ளேயா வெளியேயா, நீரா திடமா என்று அதில் தெரிந்துவிடும். உள்ளே திடமான கட்டி என்று வந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளை அறுவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அவை சரியாக இருப்பதால் மட்டும் புற்று இல்லை என்றாகிவிடாது. சில வகைக் கட்டிகள் ரத்தத்தில் எதையும் காட்டுவதில்லை.

கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விதைப்பைத் தோல் வழியே குத்தினால் புற்று வேறு பாதையில் பரவ இடம் கொடுத்ததாகிவிடும். அறுவையும் அடிவயிற்று மடிப்பு வழியாகத்தான். கல்யாணக் கவலை இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு விதை போனாலும் மற்றது நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் அது போதும். ஆனாலும் சிகிச்சைக்கு முன் விந்தணுவை உறைய வைத்துக்கொள்ள வழி கேளுங்கள்.

கடலூரிலேயே ஸ்கேன் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு யூராலஜி மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மருக்கு வருவதானாலும் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு வாருங்கள். விதை சுத்தமாக இருக்கிறது, சுற்றிலும் நீர் மட்டும்தான் என்று அதில் இருந்தால், சரி, அப்பா சொன்னபடியே கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.