செப்புக் கலவை என்றால் குறைவா?

அன்புள்ள அண்ணா,

மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தபோது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நம் நடராஜரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த விளக்க அட்டையையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து வாசித்தால் மனம் ஆறவில்லை. ஐம்பொன் என்று போடாமல் 'செப்புக் கலவை' என்று போட்டிருக்கிறார்கள். 'சோழர் காலம் (880–1279)', 'சுமார் 11ஆம் நூற்றாண்டு' என்று இரண்டு காலம் எதற்கு? கூடவே 1987.80.1 என்று ஓர் எண். எந்த அரசர் செய்வித்தார், எந்தக் கோயில் என்று ஒன்றும் இல்லை. இதை எப்படிப் படிப்பது?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

உங்களை வருத்திய சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. நூற்றாண்டுகள் பழகிய ஒரு சிலையைக் கண்ணால் பார்த்து எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெயும் புளியும் பட்ட மேற்பரப்பு ஒரு நிறம், மண்ணுக்குள் கிடந்தது வேறு நிறம். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அதிலும் சிலையைத் தொடாமல் ஊடுகதிரைக் கொண்டு செய்யும் சோதனை மேல்தோலை மட்டுமே படிக்கும், உள்ளே உள்ள கலவை அதற்குப் பிடிபடாது. அதனால் பல அருங்காட்சியகங்கள் 'செப்புக் கலவை' என்று பொதுவாக எழுதுகின்றன. பெரும்பகுதி செம்பு, மற்றவை கலந்திருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அதில் மதிப்புக் குறைவு எதுவும் இல்லை.

ஐம்பொன் என்றால் பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றோடு ஈயமும், வெள்ளீயம் அல்லது துத்தநாகமும் என்பது வழக்கு. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் சிறு மாதிரி எடுத்துச் சோதித்தவர் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன். அவற்றில் பெரும்பாலானவை ஈயம் கலந்த வெண்கலம். பொன்னும் வெள்ளியும் மிக மிகச் சிறிய அளவிலேயே இருந்தன. வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்ததற்குத் தொழில் காரணம் உண்டு. தனிச் செம்பு 1085 டிகிரி செல்சியசில்தான் உருகும், அச்சுக்குள் ஒழுங்காக ஓடாது, காற்றுக் குமிழும் விழும். வெள்ளீயம் உருகும் வெப்பத்தைக் குறைத்து உலோகத்துக்கு உறுதி கொடுக்கிறது. ஈயம் அதை இளக்கி, விரல் நுனி வரை ஓட வைக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் வார்ப்பு நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். சிலை செய்யக் கொடுத்தவர்கள் வேண்டிக்கொண்டு போடும் பொன்னும் வெள்ளியும் ஒரு பொட்டுத்தான். அந்தப் பொட்டு பக்திக்கானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பொருள் என்ன என்ற இடத்தில் அட்டை எழுதியதே சரி.

சோழர்களே என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் உங்கள் வருத்தம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இவை 'செப்புப் பிரதிமம்' என்றே வருகின்றன. செம்பு, அவ்வளவுதான். அப்புறம் கெட்டியாக வார்த்ததா, உள்ளீடற்றதா என்பதைக் 'கனமாக' என்றும் 'பொள்ளலாக' என்றும் குறிக்கிறார்கள். எத்தனை கைகள் என்று எழுதுகிறார்கள். பாதம் முதல் முடி வரை இத்தனை முழம், இத்தனை விரல் என்று உயரம் கொடுக்கிறார்கள். பத்மத்தையும் பீடத்தையும் சிலையைச் சுற்றிய வளையமான பிரபையையும் தனித்தனியே அளந்து, சிலையோடு சேர்த்துச் செய்ததா என்பதையும் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அருங்காட்சியகப் பதிவேடு போலவே இருக்கிறது. நீங்கள் எடுத்த அட்டையில் உயரம் 68.3 சென்டிமீட்டர், விட்டம் 56.5 சென்டிமீட்டர் என்று இருக்கும். அந்த விட்டம் சுற்றியுள்ள பிரபையுடையது. தஞ்சையில் பிரபைக்குச் சுற்றளவு கொடுத்தார்கள், இங்கே குறுக்களவு.

சரி, காலத்துக்கு வருவோம். அடைப்புக்குறிக்குள் உள்ள 880–1279 சிலையின் வயது அல்ல, ஒரு சட்டகம். பல்லவர் பிடி தளர்ந்த திருப்புறம்பியம் போரை ஒட்டியது ஒரு முனை. கடைசிச் சோழ அரசர் மூன்றாம் இராஜேந்திரனைப் பற்றிக் கடைசியாகத் தெரியவரும் ஆண்டு மறுமுனை. வேறு அருங்காட்சியகத்தில் 850 என்று தொடங்கியிருந்தால் குழம்ப வேண்டாம். அவர்கள் இந்தச் சோழர் மரபைத் தொடங்கிய விசயாலயன் தஞ்சையைப் பிடித்ததிலிருந்து எண்ணுகிறார்கள். சிலையின் காலம் 'சுமார் 11ஆம் நூற்றாண்டு' என்பதுதான்.

அந்தச் 'சுமார்' எங்கிருந்து வருகிறது? சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவற்றில் எழுத்தே கிடையாது. அதனால் ஆண்டு தெரிந்த சிலவற்றை அருகில் வைத்து ஒப்பிடுகிறார்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனர் அப்படி ஒருவர், இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். தலையில் பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகை கட்டி, காளையின் மேல் சாய்வதற்குக் கையை நீட்டி நிற்பார். காளைதான் இல்லை. கல்வெட்டைக் கொண்டு அவருக்கு 1011 என்று ஆண்டு சொல்ல முடிகிறது. அவருடைய தோளின் வழவழப்பு, இடுப்பு ஆடையின் மடிப்பு, அணிகலன் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் விதம் எல்லாம் அளவுகோல் ஆகிவிடுகின்றன. காலம் செல்லச் செல்ல மூக்கு கூர்மையாகும், அணிகலன் தூக்கலாகும், உடம்பின் நெகிழ்வு குறையும். ஆனால் ஒரு ஸ்தபதி குடும்பம் தாத்தாவின் வார்ப்பு முறையை அப்படியே பின்பற்றியிருந்தால் இந்தக் கணக்கு ஐம்பது ஆண்டு பிசகும். அதனால்தான் நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

'சோழர் காலம்' என்பதைச் 'சோழ அரசர் செய்வித்தது' என்று படித்துவிடாதீர்கள். பெரிய கோயிலிலேயே நாயன்மார் திருமேனிகள் பலவற்றை எழுந்தருளச் செய்தவர் கோயில் நிர்வாகமான ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரி ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான். அவர் பெயர் கல்லில் நின்றதால் நமக்குத் தெரிகிறது. நியூயார்க் நடராஜருக்கு அப்படிக் கல் எதுவும் சாட்சி சொல்லவில்லை.

எண் எளிது. 1987 அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு, 80 அந்த ஆண்டின் வரவுகளில் வரிசை, 1 அந்த வரவில் முதல் பொருள். கொடுத்தவர் என்ற வரியில் எல்ஸ்வொர்த் நிறுவனம் இருக்கும். நியூயார்க்கில் ஆசியக் கலைப்பொருள் வணிகம் செய்தவருடையது. வரவுக் கணக்கு அங்கே தொடங்குகிறது. அதற்கு முந்தைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு அட்டையில் உள்ளது 'இந்தியா (தமிழ்நாடு)' என்ற இடப்பெயர் மட்டும். உங்கள் கேள்வியில் எனக்கும் வலிப்பது இந்த இடம்தான். எந்தத் தெருவில் உலா வந்தார், ஆருத்ரா அன்று யார் தோளில் ஏறினார் என்பது அந்த வரியில் இல்லை.

அதைத் தேட ஒரு வழி பழைய படங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்த படங்கள் பெரிய சேகரம். காணாமல் போன சிலைகள் சில, அந்தப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் இன்ன ஊருடையவை என்று உறுதியாயின. ஒப்பிட முகம் போதாது. பிரபையில் எத்தனை சுடர், எந்தச் சுடர் ஒடிந்திருக்கிறது, பீடத்தில் தண்டு கோக்கும் துளைகள் எங்கே என்று பார்ப்பார்கள். அடுத்த முறை மகளைப் பார்க்கப் போகும்போது பீடத்தையும் நாலு பக்கமும் படமெடுத்து வாருங்கள். எண் தெரியும்படி அட்டையையும் அதே வரிசையில் எடுங்கள், பிறகு எந்தப் படம் எந்தச் சிலை என்று குழம்பாது.