அதிகாலை இறங்குகிறவர்கள் எந்தத் திகதிக்கு அறை எடுப்பது?

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து ஒன்பது பேர் தம்பியின் கல்யாணத்துக்கு வருகிறோம். விமானம் ஓகஸ்ட் 20 அதிகாலை 1.40க்கு இறங்கும். வெள்ளவத்தையில் 23ஆம் திகதி விடியற்காலை முகூர்த்தம். அம்மம்மாவுக்கு நடக்கக் கஷ்டம். "20 வருகிறோம், 26 போகிறோம், நான்கு அறைகள் வேண்டும்" என்று ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதினால் போதுமா? தெரிந்த ஒருவர் உள்ளூர் விலைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: போதாது. அப்படி எழுதினால் 20ஆம் திகதி பிற்பகல் 2 மணிக்குத்தான் உங்களுக்கு அறை. குடிவரவு, பெட்டி எல்லாம் முடித்துக் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கு வந்து சேர அதிகாலை 4 மணியாகும். அதிலிருந்து பத்து மணி நேரம் அம்மம்மா வரவேற்பறைச் சோபாவில் இருக்க வேண்டி வரும்.

ஹோட்டல்கள் கணக்கு வைப்பது இரவுகளை. நீங்கள் வந்து படுக்கப்போவது 19ஆம் திகதி இரவின் மிச்சத்தில். ஆகவே அறையை 19 முதல் எடுக்க வேண்டும். "சீக்கிரம் வந்தால் அறை தருவோம், இருந்தால்" என்று பதில் வரும். ஆவணி முகூர்த்த நாட்களில் அந்த 'இருந்தால்' என்பதை நம்ப வேண்டாம்.

19 என்று எடுத்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. நான் முன்பதிவுப் பகுதியில் வேலை செய்த காலத்தில் ஒரு குடும்பம் சரியாக முந்திய இரவிலிருந்தே எடுத்திருந்தது. வரும் நேரத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. இரவுப் பணியாளர் நள்ளிரவு தாண்டி நாள் கணக்கை முடித்தபோது "வரவில்லை" என்று பதிந்தார். வராதவர் என்று பதிந்தால் மிச்ச இரவுகளும் சேர்ந்தே ரத்தாகிவிடும். அவர்கள் 4 மணிக்குக் குழந்தைகளோடு வந்து நின்றார்கள், அறை இல்லை. விமான எண் எழுத அந்தப் பதிவில் ஒரு இடம் இருக்கிறது, கேட்டு நிரப்ப ஆளில்லை! இத்தனை வருடமாகியும் இதை விருந்தினரே நினைவுபடுத்த வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

எனவே ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தக் கருத்து அப்படியே வரட்டும்: "ஓகஸ்ட் 19 இரவு முதல், 26 காலை வரை. ஹோட்டலுக்கு வந்து சேர்வது 20 அதிகாலை 4 மணியளவில், விமான எண் இது. அறைகளை விட்டுவிட வேண்டாம்." பதிலில் அவர்களும் அந்த நேரத்தைத் திருப்பி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்கு அறைக்கும் ஓர் இரவு அதிகமாகக் கட்டுவது பாரம் என்றால், ஒரு வழி உண்டு. 19 முதல் ஒரே ஒரு அறை, மற்ற மூன்றும் 20 முதல். அம்மம்மாவும் பிள்ளைகளும் அதில் படுக்கட்டும். மற்றவர்கள் பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு, முகம் கழுவி, சொந்தக்காரர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஆனால் அந்த ஒரு அறை யார் பெயரில், எத்தனை பேருக்கு என்பதைத் தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் நான்கையும் ஒரே பதிவாகச் சேர்த்து 20க்குத் தள்ளிவிடுவார்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்மம்மாவுக்கு "வசதியான அறை" என்று எழுதாதீர்கள். குளியல் தொட்டி இல்லாமல், படி ஏறாமல் நுழையும் ஷவர் வேண்டும் என்று எழுதுங்கள். பக்கத்து அறை என்பதும், உள்ளே கதவால் இணைந்த அறை என்பதும் வேறு வேறு. 23 காலை உணவு திறக்குமுன் கிளம்புவீர்கள், பொதியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

அந்தத் தெரிந்தவர் விஷயம். உள்ளூர் விலை இலங்கையில் வசிப்பவர்களுக்கு. பதிவு மேசையில் கனேடியக் கடவுச்சீட்டை நீட்டியதும் வித்தியாசத்தை டொலரில் கேட்பார்கள், அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். அதைவிட மோசம், முற்பணத்தைத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது. கல்யாண அவசரத்தில் இருப்பவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். யார் பதிந்தாலும், ஹோட்டலின் பொது எண்ணுக்கு நீங்களே அழைத்து, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, எந்தத் திகதிகள், உறுதி எண் என்ன என்று கேளுங்கள். அதற்கு முன் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

விலையையும் வரிகள் சேர்த்தே கேளுங்கள். "100 டொலர், பிளஸ் பிளஸ்" என்றால் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 110, அதன்மேல் 18 வீத வாட். மற்ற சிறு வரிகளோடு 130ஐத் தாண்டும். ஒரு அறை ஏழு இரவு, மூன்று அறை ஆறு இரவு, ஆக 25 இரவுகள். ஆரம்பத்தில் சொல்லாத 750 டொலருக்கு மேல் கடைசிப் பில்லில் வந்து நிற்கும்.