சிரிக்கும் படத்தின் கீழே

கேள்வி: 29 வயதில் இறந்த எங்கள் நண்பனுக்கு முதலாண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்கிறோம். கிரிக்கெட்டில் பூஜ்யத்துக்கு அவுட்டானாலும் தன் ஆட்டத்தைத் தானே வானொலி வர்ணனை செய்துகொண்டு திரும்புவான். எதிரணியும் சேர்ந்து சிரிக்கும். 'கண்ணீர் வேண்டாம், சிரிப்பே போதும்! எங்கள் சிரிப்பு மன்னனுக்கு' என்று போடலாமா? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: சிரிக்கும் படத்தைப் போடுங்கள், இந்த வாசகத்தைப் போடாதீர்கள்.

அன்று காலை அந்தப் பக்கத்தை முதலில் பார்க்கப் போகிறவர் அவருடைய தாயார். 'கண்ணீர் வேண்டாம்' என்று அவருக்குச் சொல்லும் உரிமை நண்பர்களுக்கு இல்லை. நீங்கள் அழுது முடித்திருக்கலாம். அவர் முடித்திருக்க மாட்டார். 'சிரிப்பு மன்னன்' என்பதோ யார் படத்தின் கீழும் பொருந்தும். நீங்கள் இழந்தது அந்த ஒருவரைத்தானே?

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை (235) எடுத்துப் படியுங்கள். வீரன், வள்ளல் என்ற பட்டங்களை அடுக்கி அவர் தொடங்கவில்லை. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறார். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்கிறார். ஒரு விருந்தே கண்முன் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அவன் மார்பில் பாய்ந்த வேல் வருகிறது. அந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்தது, இரப்பவர் கைகளையும் துளைத்தது என்று பாட்டு போகிறது. அந்த மகிழ்ச்சியை முதலில் காட்டியதால்தான் பின்னால் வரும் இழப்பு நம்மையும் தைக்கிறது. மகிழ்ச்சியைச் சொல்ல அவர் துக்கத்தை விரட்டவில்லை.

உங்களுக்கு வேண்டிய வாசகம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது:

'பூஜ்யத்துக்கு அவுட்டானாலும் வர்ணனை செய்துகொண்டே திரும்புவாய். எதிரணியும் சிரிக்கும். இப்போதும் ஆட்டம் நடக்கிறது, வர்ணனைதான் இல்லை.'

வேறு எவர் படத்தின் கீழும் இதைப் போட முடியாது. அவரை அறியாதவர்கூட முதல் வரியில் புன்னகைப்பார். ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம். சிரிக்கச் சொல்லவும் வேண்டாம். கவிதையாக்கும் ஆசையில் எதுகை மோனை தேடினால் அவர் குரல் போய்விடும். இடம் போதவில்லை என்றால் நடு வரியை எடுத்துவிடுங்கள். கடைசி வரியில் கை வைக்காதீர்கள், இழப்பு அதில்தான் இருக்கிறது. தோற்றம், மறைவு தேதிகள் வழக்கம்போல மேலே வரட்டும். கீழே 'நண்பர்கள்' என்ற ஒரு சொல் போதும். பெயர்ப் பட்டியல் நீண்டால் அவருடைய படம்தான் சிறுத்துப்போகும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் போய், படத்தையும் வரிகளையும் தாயாரிடம் காட்டுங்கள். தொலைபேசியில் கேட்டால் 'உங்கள் விருப்பம்' என்று சொல்லிவிடுவார். நேரில் அவர் தயங்கினால், பெயரும் தேதிகளும் படமும் மட்டும் வரட்டும். வர்ணனைக் கதையை அன்று மாலை மைதானத்தில் நீங்கள் கூடும்போது சொல்லிக்கொள்ளுங்கள்.