இரண்டு பக்க கவர் லெட்டரில் எதை வெட்டுவது?

"கவர் லெட்டர் ரெண்டு பக்கம் வந்துடுச்சு. ஒரே பக்கத்துல வேணும். எதை எடுத்தாலும் முக்கியமானது போயிடும்போல இருக்கு. எதை வெட்டுறது?"

வெட்டுவதை அப்புறம் பார்க்கலாம். எதைத் தொடக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கும் என் அத்தை மகள், ஒரகடத்தில் ஒரு வேலைக்காக இப்படித்தான் வந்தாள். எழுத்தை 9 பாயின்ட் ஆக்கி, மார்ஜினை ஒட்டத் தள்ளி ஒரு பக்கத்தில் அடைத்திருந்தாள். 11 பாயின்ட், ஓர் அங்குல மார்ஜின் என்று மாற்றியதும் பழையபடி இரண்டு பக்கம், சுமார் 700 வார்த்தை. முகவரி, கையெழுத்து போக ஒரு பக்கத்தில் 350 வார்த்தை நிற்கும். ஆக, பாதி போக வேண்டும்.

பிரின்ட் எடுத்து, வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்தோம். அவர்கள் கேட்டது இரண்டுதான்: ஸ்டாக் கணக்கு சரியாக இருக்கணும், சப்ளையர்களைச் சமாளிக்கத் தெரியணும். அதைச் செய்து காட்டிய இடங்களில் மட்டும் மஞ்சள் மார்க்கர் போடச் சொன்னேன். ஐந்து வரிதான் தேறியது. அதில் ஒன்று இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. (கடிதம் ஆங்கிலத்தில், தமிழில் சொல்கிறேன்.) "ஸ்டாக் எடுப்பில் இருந்த பல்வேறு சவால்களை ஆராய்ந்து, குழுவுடன் இணைந்து, நேரத்தைக் கணிசமாகக் குறைத்தேன்."

"அப்படி என்னதான் பண்ணினே?" என்றேன்.

"ஒரே போல்ட்டுக்கு ரெண்டு கோட் நம்பர் இருந்துச்சு. அப்படி 140 ஐட்டம். நானும் இன்னொருத்தரும் உட்கார்ந்து ஒண்ணாக்கினோம். மூணு நாள் இழுத்த வேலை ஒரே நாள்ல முடியுது."

இதையல்லவா எழுதியிருக்கணும்! முன்பு எப்படி இருந்தது, என்ன செய்தாள், என்ன ஆனது, மூன்றும் அந்தப் பேச்சிலேயே இருந்தன. அதையே எழுதி முதல் பத்திக்குக் கொண்டுவந்தோம். "இன்னொருவருடன் சேர்ந்து" என்பதை மட்டும் எடுக்க விடவில்லை. நேர்காணலில் முதலில் தோண்டுவது அந்த இடத்தைத்தான்.

பிறகு வெட்டுவது சுலபம். கம்பெனியின் பெருமையை அவர்களுக்கே சொன்ன பழைய முதல் பத்தி போனது. படிப்பு, மதிப்பெண், சாஃப்ட்வேர் பட்டியல் எல்லாம் ரெஸ்யூமில் இருப்பதால் அவையும் போயின. சப்ளையர் விஷயத்தில் இரண்டு சம்பவம் எழுதியிருந்தாள். லாரி ஸ்டிரைக் சமயத்தில் மாற்று சப்ளையரைப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரே திறமைக்கு இரண்டு சாட்சி தேவையில்லை.

பத்திக்கு இரண்டு வரி என்று சமமாகக் கிள்ளாதீர்கள். அப்படிக் கிள்ளினால் எண்ணும் விவரமும்தான் முதலில் போகும், "கடின உழைப்பாளி" பத்திரமாக நிற்கும். சந்தேகமுள்ள வரியைப் பக்கத்து சீட்காரர் அப்படியே தன் கடிதத்தில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அடித்துவிடலாம்.

கடைசியில் 340 வார்த்தையில் நின்றது. கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை வாசித்ததை எடுத்ததற்கு மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாள்.