18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ்: ஐந்து செல்லுக்கு இரண்டு பெயர்

கேள்வி: "உள்ளே இருப்பது ஒரே லித்தியம் செல்தான் என்கிறார்கள். அப்புறம் ஏன் ஒரு டிரில்லில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போடுகிறார்கள்? 20 வாங்கினால் பலம் கூடுமா?"

கூடாது. இரண்டு பேக்கிலும் ஐந்து செல்கள்தான் வரிசையாகக் கோத்திருக்கும். எந்த நிலையில் அளந்த வோல்ட்டை மேலே அச்சடிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

டூல் பேட்டரிகளைப் பிரித்துச் செல் மாற்றிக் கொடுப்பது என் வேலை. லித்தியம் செல்லுக்கு ஒரே வோல்ட் என்று எதுவும் கிடையாது. முழுசாக சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். வேலை செய்யத் தொடங்கியதும் கொஞ்சம் இறங்கி, பெரும்பாலான நேரம் 3.6-ஐ ஒட்டியே ஓடும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் காலியாகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் உள்ள 3.6-ஐ ஐந்தால் பெருக்குங்கள்: 18. சார்ஜரிலிருந்து கழற்றிய நிமிடத்தில் செல்லுக்கு 4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அதை ஐந்தால் பெருக்கினால் 20 தாண்டும். இரண்டும் உண்மையான எண்கள்தான். ஆனால் 20 என்பது டிரிகரை அழுத்துவதற்கு முன்பு உள்ள எண்.

சென்ற மாதம் என் மேஜையில் 2 ஆம்பியர் ஹவர் பேக் ஒன்று இருந்தது. மீட்டர் வைத்தேன், 20.5 காட்டியது. டிரில்லில் மாட்டி, கனமான இரும்புத் தகட்டில் பிட்டை அழுத்திக்கொண்டே பார்த்தால் 18-க்குச் சரிந்தது. கையை எடுத்ததும் மறுபடி 20-க்கு ஏறிக்கொண்டது. இதே டிரில்லில் 4 ஆம்பியர் ஹவர் பேக்கைப் போட்டு அதே தகட்டைத் துளைத்தபோது 19-க்குக் கீழே இறங்கவில்லை.

பலம் கூடுவது இங்கேதான். பெரிய பேக்கில் பத்து செல்கள் இருந்தன, இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் இணையாகச் சேர்த்து, அந்த ஐந்து ஜோடிகளை வரிசையாகக் கோத்திருந்தார்கள். வோல்ட் மாறாது, ஆனால் ஒவ்வொரு செல்லும் பாதி கரண்ட்டைக் கொடுத்தால் போதும். உள்தடையில் வீணாகும் வோல்ட்டும் ஏறக்குறைய பாதியாகிவிடும். பேக் சூடாவதும் குறையும். லோடில் டிரில் திணறுகிறது என்றால் 18-ஐ விட்டு 20-க்குப் போய்ப் பயனில்லை, அதே கம்பெனியின் பத்து செல் பேக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள்? டிவால்ட்டை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் ஏற்கெனவே நிக்கல் காட்மியத்தில் ஒரு 18 வோல்ட் வரிசை இருந்தது. அதில் 1.2 வோல்ட் செல்கள் பதினைந்து. 2011-ல் புது வடிவ லித்தியம் வரிசை வந்தபோது அமெரிக்காவில் அதற்கு 20 வோல்ட் மேக்ஸ் என்று பெயரிட்டார்கள். பழைய டூலில் புது பேக் நேராக மாட்டாது. அதனால் வேறு எண் இருந்தது வாங்குபவர்களுக்கு உதவியிருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அலமாரியில் 18-க்குப் பக்கத்தில் 20 பெரிதாகத் தெரியும் என்பதும் உண்டு. அதே வரிசையை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றே விற்கிறார்கள். அமெரிக்க லேபிளின் பொடி எழுத்தைப் படித்தால், லோடு இல்லாதபோது தொடக்க வோல்ட் 20, நாமினல் எனப்படும் நடு வோல்ட் 18 என்று அவர்களே எழுதியிருப்பார்கள். மக்கிதாவும் மில்வாக்கியும் இதே ஐந்து செல் கணக்கை 18 என்றே சொல்கிறார்கள். மூன்று செல் டூல்களிலும் இதே கதைதான்: 10.8-ம் 12 மேக்ஸும் ஒன்று.

கணக்குப் பார்க்கும்போது மட்டும் கவனம். 5 ஆம்பியர் ஹவர் பேக்கை 18-ஆல் பெருக்கினால் 90 வாட் ஹவர், 20-ஆல் பெருக்கினால் 100. பேக்குக்குள் இருப்பது 90-தான். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது இரண்டையும் 18-ஆலேயே பெருக்குங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சில பேக்குகளில் 21 வோல்ட் என்று இருக்கும். அது ஐந்தை 4.2-ஆல் பெருக்கியது, பரவாயில்லை. 48, 88 என்றெல்லாம் எழுதியவையும் என்னிடம் ரிப்பேருக்கு வருகின்றன. பிரித்தால் அதே ஐந்து செல்கள். வாங்கியதும் முழுசாக சார்ஜ் ஏற்றி மீட்டர் வையுங்கள். 20-லிருந்து 21-க்குள் காட்டினால் அது 18 வோல்ட் பேக், மேலே என்ன அச்சடித்திருந்தாலும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.