பசுமை இல்ல விளைவு: மூன்று நிமிட அனிமேஷனுக்கு ஸ்டோரிபோர்டு, கேள்வி-பதில்

பசுமை இல்ல விளைவை மூன்று நிமிடத்தில் விளக்கும் அனிமேஷனுக்காக ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் காற்றில் என்ன ஆகிறது என்று காட்டும் நடுப்பகுதி. அதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் எழுதலாம்? என் வரைவு 420 சொற்களைத் தொட்டுவிட்டது.

ஏறக்குறைய பாதியை வெட்ட வேண்டியிருக்கும். தமிழில் ஒரு சொல்லே பல விகுதிகளைச் சுமந்து நீள்வதால், நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள்தான் போகும். படம் தானே பேச வேண்டிய இடங்களில் குரல் ஒதுங்கவும் வேண்டும். ஆகவே 240 சொற்களை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் 25 நொடி சூரிய ஒளி வந்து தரையைச் சூடாக்குவதற்கு. அடுத்த 25 நொடி, சூடான தரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை மேல்நோக்கி வீசுவதற்கு. பிறகு 45 நொடி மூலக்கூறு காட்சி, 50 நொடி ஆற்றலின் வரவு-செலவுக் காட்சி. கடைசி 35 நொடி, மனிதர்கள் சேர்த்த கூடுதல் வாயுவுக்கு. முதல் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: படத்தைக் கண்ணாடிக் குடிலில் தொடங்கலாமா?

வேண்டாம். கண்ணாடிக் குடில் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று மேலேறி வெளியேற முடியாதபடி கூரை தடுப்பது. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை அகச்சிவப்பைக் கடத்தும் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

வளிமண்டலத்துக்குக் கூரை கிடையாது. முதல் காட்சியில் கூரையைப் பார்த்தவர், அடுத்து வரும் ஒவ்வொரு காட்சியிலும் வானத்தில் ஒரு கூரையைத் தேடுவார். கார்பன் டை ஆக்சைடு, நீராவி போன்ற வெப்பக் கதிரைப் பிடிக்கும் வாயுக்கள் இல்லாத வெறும் பூமியில் தொடங்குங்கள். இன்றைய அளவே ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆனால் இந்த வாயுக்கள் இல்லாத ஒரு பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ -18 டிகிரி செல்சியஸ். இன்றைய பூமிக்கு 15 டிகிரி. படம் விளக்க வேண்டியது இந்த 33 டிகிரியைத்தான்.

கேள்வி: வானத்தில் ஒரு வாயுப் படலம் வரைந்து, தரையிலிருந்து போகும் அம்புகள் அதில் மோதித் திரும்புவதாகக் காட்டியிருக்கிறேன். இதில் பிழை உண்டா?

இரண்டு பிழைகள் உண்டு. இரண்டுமே பார்ப்பவர் மனத்தில் நிலைத்துவிடக் கூடியவை. முதலாவது படலம். கார்பன் டை ஆக்சைடு ஓர் உயரத்தில் விரிப்பாக நிற்பதில்லை. தரைமட்டம் முதல் மேலே பல பத்து கிலோமீட்டர் வரை காற்றோடு கலந்திருக்கிறது. இரண்டாவது, மோதித் திரும்புதல். இங்கே கதிர் எதிரொளிப்பதில்லை. மூலக்கூறு அதை உள்வாங்குகிறது. அந்தக் கதிர் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. பிறகு வெளிவருவது வேறு ஒரு கதிர், எந்தத் திசையிலும் போகக் கூடியது.

இதை நான்கு ஷாட்டுகளில் வரையலாம். நிறங்களை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்: சூரிய ஒளி மஞ்சள், தரையின் அகச்சிவப்பு சிவப்பு. எந்தக் காட்சியிலும் இரண்டும் மாறக் கூடாது.

முதல் ஷாட்டில் காற்றை மிக நெருக்கமாகக் காட்டுகிறோம். இரண்டிரண்டு அணுக்களாக நைட்ரஜனும் ஆக்சிஜனும் நிறைந்திருக்கின்றன. சிவப்புக் கதிர் அவற்றினூடே தடையின்றிப் போகிறது. ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த மூலக்கூறு நீண்டு சுருங்கினாலும் அதன் மின்னூட்டப் பரவல் ஒருபக்கமாகச் சாய்வதில்லை. அகச்சிவப்புக்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. இந்தக் காரணத்தைக் குரல் சொல்ல வேண்டாம். வரைபவர் அறிந்திருந்தால் போதும்.

இரண்டாவது ஷாட்டில் கார்பன் டை ஆக்சைடு: நேர்கோட்டில் மூன்று அணுக்கள், நடுவில் கார்பன். சிவப்புக் கதிர் வந்து சேர்ந்ததும் மறைந்துவிட வேண்டும். அதே ஃபிரேமில் மூலக்கூறு வளையத் தொடங்க வேண்டும்: கார்பன் மேலே போகும்போது இரு ஆக்சிஜன்களும் கீழே, பிறகு எதிர்மாறாக. பூமியின் கதிர்வீச்சில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகப் பிடிப்பது இந்த வளைவு அதிர்வினால்தான்.

மூன்றாவது ஷாட்டைப் பல படங்கள் விட்டுவிடுகின்றன. தரைக்கு அருகில் காற்று அடர்த்தியானது. கதிரைப் பிடித்த மூலக்கூறு அதைத் திரும்ப உமிழ்வதற்குள் பக்கத்து மூலக்கூறுகள் மோதி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. வளைந்துகொண்டிருந்த மூலக்கூறு அடங்கட்டும், சுற்றியுள்ள நைட்ரஜன் சற்று வேகமாக ஓடட்டும். காற்று சூடாவது இப்படித்தான்.

நான்காவதில் கேமரா பின்வாங்குகிறது. சூடான காற்றில் அங்கங்கே வேறு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளிலிருந்து சிவப்புக் கதிர்கள் எல்லாத் திசைகளிலும் புறப்படுகின்றன. பின்னணிக் குரல் இவ்வளவு போதும்:

"காற்றின் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். சிவப்புக் கதிர் அவற்றைக் கடந்து போய்விடுகிறது. இதோ, கார்பன் டை ஆக்சைடு. கதிர் இதற்குள் அடங்குகிறது, மூலக்கூறு அதிர்கிறது. அந்த அதிர்வு அக்கம்பக்கத்துக்குப் பரவுகிறது. காற்று சூடாகிறது. சூடான காற்றிலிருந்து புதிய கதிர்கள் பிறக்கின்றன. சில மேலே போகின்றன. சில கீழே, தரைக்கே வருகின்றன."

கேள்வி: வெப்பம் உள்ளேயே தங்குகிறது என்றால் பூமி நிற்காமல் சூடாகிக்கொண்டே போக வேண்டுமே? படம் பார்த்த ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாணவியின் கேள்விதான் படத்தின் நடுத்தூண். வெப்பம் சிறைப்பட்டுவிட்டது என்று முடிக்கும் எந்தப் படமும் இந்தக் கேள்விக்கு இடம் விட்டுத்தான் போகிறது. இதற்குத்தான் 50 நொடி ஒதுக்கினேன்.

திரையின் மேல் ஓரத்தில் இரண்டு எண்கள்: "வருவது", "போவது". ஆற்றலைப் புள்ளிகளாக வரையுங்கள். வாயுக்கள் இல்லாத பூமியில் ஆறு மஞ்சள் புள்ளிகள் தரைக்கு வருகின்றன, ஆறு சிவப்புப் புள்ளிகள் விண்வெளிக்குப் போகின்றன. கணக்கு சமம்.

இப்போது வாயுக்களைச் சேருங்கள். தரை வீசும் கதிரில் மூன்றில் இரண்டு பங்கை அவை பிடிப்பதாகவும், பிடித்ததில் பாதியை மேலும் பாதியைக் கீழும் அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். தரை வீசும் ஆறில் நான்கு பிடிபடுகின்றன, இரண்டு நேராக வெளியேறுகின்றன. பிடிபட்ட நான்கில் இரண்டு மேலே, இரண்டு கீழே. "போவது" நான்காகக் குறைகிறது. "வருவது" இன்னும் ஆறு. மீதி தரையில் சேரச் சேர, தரை சூடாகி அதிகமாக வீசத் தொடங்குகிறது.

இது எங்கே நிற்கும்? தரை ஒன்பது வீசும்போது. ஒன்பதில் ஆறு பிடிபடுகின்றன, மூன்று நேராகப் போகின்றன. பிடிபட்ட ஆறில் மூன்று மேலே, மூன்று கீழே. வெளியே போவது மூன்றும் மூன்றும் ஆறு. தரைக்கு வருவது சூரியனிடமிருந்து ஆறும் காற்றிடமிருந்து மூன்றும் ஒன்பது. அதுவும் ஒன்பதையே வீசுகிறது. எல்லாக் கணக்கும் நேராகிறது. அனிமேட்டர் ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகளை எண்ணிச் சரிபார்க்க முடியும் என்பதாலேயே இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஆறு வருகின்றன, ஆறு போகின்றன. இப்போது வாயுக்கள். ஆறு வருகின்றன, நான்குதான் போகின்றன. மீதி தரையில் சேர்கிறது. தரை சூடாகிறது. சூடான தரை இன்னும் அதிகமாக வீசுகிறது." இங்கே ஐந்து நொடி மௌனம், எண் நான்கிலிருந்து ஆறுக்கு ஏறட்டும். "மறுபடியும் ஆறு வருகின்றன, ஆறு போகின்றன. ஆனால் தரை முன்பைவிடச் சூடாக இருக்கிறது."

இந்த மாதிரி உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பூமி சூரியனிடமிருந்து ஏற்பது சதுர மீட்டருக்குச் சராசரியாகச் சுமார் 240 வாட்; தரை வீசுவது 400 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. விகிதம் ஏறக்குறைய 1.65, நம் படத்தில் 1.5. உண்மையில் காற்று பல அடுக்குகளாகப் பிடித்துப் பிடித்து உமிழ்கிறது, நீர் ஆவியாதலும் வெப்பத்தை மேலே கொண்டுபோகிறது. மூன்று நிமிடப் படத்தில் இவற்றை விடுவதில் தவறில்லை, வரவும் செலவும் பொருந்தும்வரை.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு காற்றில் மிகக் கொஞ்சம்தானே. திரை நிறைய வரைந்தால் பொய்யாகாதா?

ஆகும், சொல்லாமல் வரைந்தால். 10,000 மூலக்கூறுகளில் நான்குக்குச் சற்று அதிகம். தொழிற்புரட்சிக்கு முன்பு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. மூலக்கூறு காட்சியின் முடிவில் கேமரா பின்வாங்கும்போது நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மெல்ல மங்கவைத்து, "சிவப்புக் கதிரைத் தடுக்காதவற்றை மறைத்துவிடுவோம்" என்று ஒரு வரி சேருங்கள். 10,000 பேரில் நான்கு பேர் மட்டும் அந்தக் கதிரைப் பிடிக்க வல்லவர்கள் என்றால், கதிருக்கு மற்ற 9,996 பேர் இல்லாதது போலத்தான்.

கடைசிப் பகுதியில் ஆறு புள்ளிக் கணக்கை மட்டும் கைவிட வேண்டும். இன்று வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட். 240 புள்ளிகளில் ஒன்று. அதை ஆறில் ஒன்றாகக் காட்டினால் மிகைப்படுத்தல். அங்கே எண்களைக் காட்டுங்கள்: பத்து லட்சத்துக்கு 280 என்ற அளவு 420-ஐத் தாண்டும்போது, "போவது" என்ற எண் மிகச் சிறிதாகப் பின்தங்கட்டும்.

கேள்வி: நீராவிதான் பெரிய பங்கு என்கிறார்கள். படத்தில் அதைச் சேர்க்கவா?

அவசியம் சேருங்கள், விடுவது நேர்மையாகாது. இயற்கையான விளைவில் பெரும்பங்கு நீராவிக்கும் மேகங்களுக்கும்தான். வித்தியாசம் இதில் இருக்கிறது: காற்றில் ஏறிய நீராவி சில நாட்களில் மழையாக இறங்கிவிடுகிறது; காற்று எவ்வளவு சூடோ அந்த அளவுக்கு ஏற்பவே அது தங்க முடியும். கார்பன் டை ஆக்சைடு மழையாக இறங்குவதில்லை. நாம் சேர்த்ததில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு நீடிக்கிறது. அது காற்றைச் சூடாக்க, நீராவி கூடி மேலும் சூடாக்குகிறது. கடைசிப் பகுதியில் இரண்டு வரி போதும்.

கேள்வி: ஓசோன் ஓட்டையைக் காட்ட வேண்டாமா?

வேண்டாம். அது வேறு சிக்கல்; சேர்த்தால் குழப்பம் மட்டுமே மிஞ்சும். கார்பன் டை ஆக்சைடைக் கரும்புகையாக வரைவதும் அப்படியே. அது நிறமற்ற வாயு.

கேள்வி: வரைந்து முடிப்பதற்கு முன் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்டோரிபோர்டுக் கட்டங்களை நேரப்படி அடுக்கி, உங்கள் குரலையே தற்காலிகமாகச் சேர்த்து ஓர் அனிமேட்டிக் செய்யுங்கள். இந்தத் துறையை அறியாத ஒருவருக்கு முதலில் ஒலியில்லாமல் போட்டுக் காட்டுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

மஞ்சள் எங்கே சிவப்பாக மாறியது? தரையில் என்று சொல்ல வேண்டும். காற்றில் என்றால் இரண்டாவது பகுதியின் தொடக்கத்தைத் திருத்துங்கள். சிவப்புக் கதிர் மூலக்கூறை அடைந்ததும் என்ன ஆனது? மோதித் திரும்பியது என்றால், அது மறையும் ஃபிரேமுக்கும் புதியது பிறக்கும் ஃபிரேமுக்கும் இடையே நேரம் போதவில்லை. குறைந்தது இரண்டு நொடி விடுங்கள். கடைசியில் எத்தனை புள்ளிகள் வெளியே போயின? "முன்பைவிடக் குறைவு" என்று பதில் வந்தால், வரவு-செலவுக் காட்சியின் அந்த ஐந்து நொடி மௌனத்தை நீட்ட வேண்டும்.

மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகு ஒலியைச் சேர்த்துக் காட்டுங்கள். குரல் சேர்ந்ததும் ஏதாவது ஒரு பதில் மாறினால், அந்த இடத்தில் நீங்கள் எழுதிய வரி படத்துக்கு எதிராகப் பேசுகிறது. வரியை மாற்றுங்கள், படத்தை விட்டுவிடுங்கள்.